இரும்புக்குப் பேரீச்சம்பழம்

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டி தெருவுக்குள் வந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஓட்டை வாளியையும் துருப்பிடித்த கீலையும் போட்டால், செய்தித்தாளில் மடித்துக் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழத்தைத் தருவார்கள். இரும்பைக் கொடுத்துப் பழம் வாங்கினோம். இன்று பழத்தைக் கொடுத்தால் உடம்பில் இரும்பு ஏறும் என்று நம்புகிறோம். ரத்தசோகை என்று டாக்டர் சொன்ன அன்றே ஒரு கிலோ பேரீச்சையும் கால் கிலோ உலர்ந்த அத்தியும் வாங்கி வராத வீடு குறைவு. அந்த வாங்கலில் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் கர்ப்பிணிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பதால், அந்தப் பழம் எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

ஒரு பெண்ணின் கதையைச் சொன்னால் விஷயம் விளங்கும். விழுப்புரம் பக்கத்து ஊர், 26 வயது, முதல் பிரசவம். 28-வது வாரத்தில் வந்தார். ஹீமோகுளோபின் 9.1. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 10-லிருந்து 10.9 வரை லேசானது, 7-லிருந்து 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமையானது. இவர் நடுத்தரத்தில் இருந்தார். அதே நாளில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 158. அந்தச் சோதனையில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரே நாளில் இரண்டு செய்தி. பெண் அழவில்லை. கூட வந்திருந்த மாமியார்தான் கலங்கிப்போனார்.

"நான் ஒரு வேளைகூட இனிப்பு குடுக்கலைங்க. லட்டு, ஜாங்கிரி எதையும் கண்ணுல காட்டல. பேரீச்சம்பழம், அத்திப்பழம் மட்டும்தான். ரத்தம் ஊறட்டும்னு" என்றார்.

"இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறாங்களாம்மா?"

"அது சாப்பிட்டா வாந்தி வருது, மலம் கறுப்பா போகுது. பழத்துலயே இரும்பு இருக்கேன்னு நிறுத்திட்டோம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் சொல்கிறார்கள். அதனால் கணக்குப் போட்டே பதில் சொல்வது என்று வைத்திருக்கிறேன். என் மேசையில் சின்னத் தராசு ஒன்று உண்டு. அவர்கள் வாங்கும் அதே பழத்தை மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். கொட்டையை எடுத்துவிட்டு ஒரு பேரீச்சையை வைத்தால் 9 கிராம். உலர்ந்த அத்தி, நாரில் கோத்து வட்டமாக விற்பார்களே அந்த வகை, ஒன்று 16 கிராம். பெண் தினமும் சாப்பிட்டது 11 மணிக்கு 6 பேரீச்சை, சாயங்காலம் 4 அத்தி, காலையில் ஒரு டம்ளர் பாலில் இரண்டு பெரிய கரண்டி டேட்ஸ் சிரப்.

முதலில் இரும்பைப் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் பேரீச்சையில் சுமார் 1 மில்லிகிராம் இரும்பு. உலர்ந்த அத்தியில் அதைப் போல் இரண்டு மடங்கு, சுமார் 2 மில்லிகிராம். அப்படியானால் 6 பேரீச்சையில் அரை மில்லிகிராம், 4 அத்தியில் ஒன்றேகால். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு உணவிலிருந்து ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் அந்தச் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது. அந்த ஒரு மாத்திரை அளவு இரும்பைப் பேரீச்சையிலிருந்து எடுக்க வேண்டுமானால் 6 கிலோ சாப்பிட வேண்டும். அத்தியானால் 3 கிலோ. சில பழைய இந்திய அட்டவணைகளில் காய்ந்த பேரீச்சைக்கு இதைவிடப் பல மடங்கு கூடுதலான எண் இருக்கும். அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் முக்கால் கிலோவுக்கு மேல் ஆகிறது. எந்தக் கர்ப்பிணியும் அதைச் சாப்பிட முடியாது, சாப்பிடவும் கூடாது.

அது மட்டுமில்லை. காய்கனியில் இருக்கும் இரும்பு முழுதாக ரத்தத்துக்குப் போவதில்லை. ஆட்டு ஈரல், மீன், கோழி ஆகியவற்றில் இருக்கும் இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். தாவர இரும்பு அப்படியில்லை. பக்கத்தில் எலுமிச்சை, நெல்லி, கொய்யா மாதிரி வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக ஏறும், டீ, காபி இருந்தால் குறைந்துபோகும். பேரீச்சையிலேயே துவர்ப்புத் தரும் பொருட்கள் கொஞ்சம் உண்டு, அவையும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவதால் இரும்பு கூடுவதில்லை. பழத்தின் சர்க்கரைதான் தண்ணீரில் இறங்குகிறது. அத்தி ஊறிய தண்ணீர் இனிப்பது அதனால்தான்.

சர்க்கரைக் கணக்கு வேறு மாதிரி. பேரீச்சைச் சதையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. உலர்ந்த அத்தியில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. அந்தப் பெண்ணின் 6 பேரீச்சையில் சுமார் 34 கிராம், 4 அத்தியில் 31 கிராம், சிரப்பில் சுமார் 28 கிராம். மொத்தம் 93. டீயில் போடும் ஸ்பூனால் அளந்தால் 23 ஸ்பூன். நான் ஒவ்வொரு ஸ்பூனாகச் சர்க்கரையை ஒரு தட்டில் கொட்டிக் காட்டினேன். மாமியார் பத்தாவது ஸ்பூனில் "போதும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பழத்துக்கு அநியாயம் செய்தவளாவேன். பேரீச்சை விஷமில்லை. அதில் நார்ச்சத்து இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது. அதன் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி, ரத்தச் சர்க்கரையை உடனே ஏற்றாத ஃபுரூக்டோஸ் வகை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 5 வகைப் பேரீச்சைகளைச் சோதித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அதன் கிளைசீமிக் குறியீடு 43-க்கும் 55-க்கும் இடையில்தான் இருந்தது. அது குறைவான எண்தான். ஆனால் அந்தக் குறியீடு சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பது அதற்குத் தெரியாது. இரண்டு பழத்துக்கும் அதே எண், பன்னிரண்டு பழத்துக்கும் அதே எண். 'இயற்கைச் சர்க்கரை, ஏறாது' என்று சொல்பவர்கள் தவறுவது இங்கேதான். சிரப்பின் கதை இன்னும் மோசம். பழத்தின் நாரை வடிகட்டி எறிந்துவிட்டுச் சாற்றைக் காய்ச்சிச் சுண்ட வைத்தால் மிஞ்சுவது சர்க்கரைப் பாகுதான். தேனில் ஊறிய பேரீச்சையும் தேனில் ஊறிய அத்தியும் அதே கணக்கில் வரும். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த மூன்றையும் நான் அடியோடு நிறுத்தச் சொல்கிறேன்.

கர்ப்பத்தில் சர்க்கரை ஏறுவதற்கு அந்தப் பெண் தின்ற பழம் காரணமில்லை என்பதையும் மாமியாரிடம் சொன்னேன். இது முக்கியம். இல்லாவிட்டால் அந்தப் பாவத்தை அவர் ஆயுசுக்கும் சுமப்பார். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. ஐந்தாறு மாதத்துக்கு மேல் அந்தத் தடை வலுக்கும். பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும், சிலருக்கு அது முடியாது. பழம் அந்த நோயைக் கொண்டுவரவில்லை. வந்த பிறகு தினமும் 93 கிராம் சர்க்கரையை எடுத்து அதன் மேல் ஏற்றியது. தாயின் ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளை தன் இன்சுலினை அதிகம் சுரந்து, கொழுத்து, எடை கூடிப் பிறக்கும். தொப்புள்கொடியை அறுத்ததும் அம்மாவின் சர்க்கரை நின்றுபோகும், ஆனால் பிள்ளையின் இன்சுலின் உடனே நிற்காது. அதனால் பிறந்த சில மணி நேரத்துக்குள் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

இரண்டு கோளாறும் ஒன்றாக வரும்போது இன்னொரு சிக்கல். மூன்று மாதச் சராசரி என்று எல்லாரும் அறிந்த எச்பிஏ1சி சோதனை, இரும்புக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். கர்ப்பமோ அதைத் தாழ்த்திக் காட்டும். அதனால் ரத்தசோகை உள்ள கர்ப்பிணி அந்த எண்ணை வைத்து நிம்மதியும் அடையக்கூடாது, பயமும் கொள்ளக்கூடாது. குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கும் சோதனைதான் நம்பத் தகுந்தது. வெறும் வயிற்றோடு வந்தாலும் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஒரே தடவை ஊசி குத்தி முடிக்கும் இந்த எளிய முறையை நாட்டுக்குத் தந்தது சென்னை மருத்துவர் வி.சேஷையாவும் அவரோடு உழைத்தவர்களும்தான். அவர் பிறந்த மார்ச் 10-ஐ இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். முதல் பரிசோதனையில் ஒரு தடவை, 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும். முதல் தடவை சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்த இரண்டாவதில்தான் பலருக்குத் தெரியவருகிறது. நம் கதையில் வரும் பெண்ணுக்கும் அப்படித்தான்.

இனி அவருக்கு என்ன செய்தோம் என்று பார்ப்போம். முதலில் மாத்திரை. நடுத்தர ரத்தசோகைக்குத் தினம் இரண்டு மாத்திரை என்பது டாக்டர் எழுதியது. வாந்திக்குப் பயந்தவர் என்பதால், முதல் வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று மட்டும், பழகிய பிறகு மதியம் இன்னொன்று என்று டாக்டரே மாற்றிக் கொடுத்தார். மாத்திரையைச் சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீரில் விழுங்கச் சொன்னோம். இதுவரை அதைக் காலையில் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து முழுங்கியிருக்கிறார். கால்சியம் இரும்பை உள்ளே விடாது. இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ, காபிக்கும் அதே இடைவெளி. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் மிச்ச இரும்பால்தான், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதும் பெண்ணின் முகம் தெளிந்தது. நாலு மாதமாக அவர் அதை ரத்தம் போவதாக நினைத்து உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரும்பு மாத்திரையை நிறுத்தவைக்கும் இன்னொரு தொல்லை மலச்சிக்கல். உலர்ந்த அத்திக்கு உண்மையான வேலை இங்கே இருக்கிறது. 100 கிராம் அத்தியில் கிட்டத்தட்ட 10 கிராம் நார்ச்சத்து. ராத்திரி ஊறப்போட்ட ஒரு பெரிய அத்தி, அல்லது இரண்டு சின்னது, மறுநாள் வயிறு சுலபமாகப் போக உதவும். அத்தி ரத்தம் ஊற வைக்காது. ஆனால் ரத்தம் ஊறவைக்கும் மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட வைக்கும். ரத்தசோகைக்கு அத்தி நல்லது என்று யாராவது சொன்னால், இந்த அர்த்தத்தில் நான் ஒப்புக்கொள்வேன். சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பெரிய அத்திக்கு மேல் வேண்டாம். மீதி நாருக்கு அவரைக்காய், கீரை, கொண்டைக்கடலை இருக்கின்றன.

அடுத்தது பழத்தின் அளவு. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு நாங்கள் மாவுச்சத்தைப் 15 கிராம் பொட்டலங்களாகப் பிரித்துச் சொல்வோம். ஒரு சிற்றுண்டிக்கு ஒரு பொட்டலம் என்பது பாதுகாப்பான தொடக்கம். கொட்டை நீக்கிய பேரீச்சை 20 கிராம், உலர்ந்த அத்தி 24 கிராம், இவற்றில் ஒரு பொட்டலம் மாவுச்சத்து இருக்கிறது. இதை எண்ணிக்கையில் சொல்லத் தயங்குவேன். காரணம் பழத்துக்குப் பழம் அளவு வேறு. மெலிந்த, நீளமான சாதாரணப் பேரீச்சை சதை 7 கிராம்தான் வரும், மூன்று சாப்பிடலாம். மெஜூல் என்று இப்போது பெரிய கடைகளில் பெட்டியில் அடுக்கி வைக்கிறார்களே, அது ஒன்றே 24 கிராம். ஒரு பழத்திலேயே பொட்டலம் தாண்டிவிடும். 'தினம் ஆறு பழம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆறு மெஜூல் சாப்பிட்டால், 95 கிராம் சர்க்கரை போகிறது. சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்க நாங்கள் கரைத்துக் கொடுக்கும் குளுக்கோஸே 75 கிராம்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் தராசு இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம். கால் கிலோ பாக்கெட்டைப் பிரித்து உள்ளே எத்தனை பழம் என்று எண்ணுங்கள். 250-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு பழத்தின் எடை கிடைக்கும். கொட்டையோடு இருந்தால் பத்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் 25 பழம் இருந்தால் ஒன்று 10 கிராம், கொட்டை போக 9. இரண்டு பழம்தான் உங்கள் பொட்டலம். அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் இரண்டு என்று முடிவானது.

எப்போது சாப்பிடுவது என்பதும் கணக்கில் வரும். விடிகாலையில் உடம்பின் ஹார்மோன்கள் இன்சுலினை இன்னும் அதிகமாக எதிர்க்கும். அதனால் கர்ப்பிணிகளுக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சர்க்கரை சட்டென்று ஏறும். வெறும் வயிற்றில் பேரீச்சை என்ற பழக்கம் இந்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. சாயங்காலம் 4 மணிக்கு, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோடோ சுண்டலோடோ சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். ஆனால் அது பிஸ்கட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் பதிலாக இருக்க வேண்டும். அவற்றைத் தின்றுவிட்டு அதற்கு மேல் பேரீச்சையும் என்றால் எந்தப் பொட்டலக் கணக்கும் நிற்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் கடைசித் தீர்ப்பு குளுக்கோமீட்டருடையது. ஒரே அளவு பழம் ஒருவருக்கு 15 ஏற்றும், இன்னொருவருக்கு 40 ஏற்றும். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழ் என்பது இலக்கு. அந்தப் பெண் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சோதித்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் கொண்டுவந்தார். இரண்டு பேரீச்சையும் வேர்க்கடலையும் சாப்பிட்ட நாளில் 2 மணி நேரத்தில் 109. மறுநாள் ஆசைப்பட்டு நாலு சாப்பிட்டிருக்கிறார், 131. "நீங்க சொன்னப்போ நம்பல மேடம், மிஷின் சொன்னதும் நம்பிட்டேன்" என்றார். எனக்கு அதில் சந்தோஷம்தான். நான் சொல்வதை நம்புவதைவிட அவர் விரல் சொல்வதை நம்புவது நல்லது. காலையில் 4 இட்லியும் சட்னியும் என்பதை 3 இட்லி, நிறையக் காய் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று மாற்றியதில் 134 என்று இருந்த காலை எண் 116-க்கு வந்தது. இரண்டு வாரம் உணவை மாற்றியும் எண்கள் இறங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும். அதைத் தோல்வியாக நினைக்கக் கூடாது. பழத்தை மட்டுமில்லாமல் சோற்றையும் பட்டினி போட்டு எண்ணைக் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது பிள்ளைக்குத்தான் கேடு.

ஹீமோகுளோபின் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 1 கிராம் ஏற வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால், மாதக் கணக்கில் காத்திருக்கக் கூடாது. வயிற்றுப் பூச்சி, பி12 குறைவு, பரம்பரையாக வரும் தலசீமியா கூறு ஆகியவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எண் மிகவும் தாழ்ந்திருந்தால் இரும்பு சுக்ரோஸ் போன்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். பிரசவத்துக்கு நாள் நெருங்கும்போது மாத்திரைக்கு நேரம் போதாது. பழத்துக்குச் சுத்தமாகப் போதாது. இந்தப் பெண்ணுக்கு 32-வது வாரத்தில் 10.0, 36-ல் 10.9.

37-வது வாரத்தில் வந்தபோது மாமியார் ஒரு புதுக் கேள்வியோடு வந்தார். "கடைசி மாசம் தினம் ஆறு பேரீச்சம்பழம் சாப்பிட்டா சுகப்பிரசவம் ஆகுமாமே?"

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பேரீச்சைக்கும் பிரசவத்துக்கும் உள்ள உறவு பழமையானது. மர்யம் அலைஹிஸ்ஸலாம் பிரசவ வலியின்போது பேரீச்ச மரத்தடியில் அதன் கனியை உண்ணச் சொல்லப்பட்ட செய்தி குர்ஆனின் 19-வது அத்தியாயத்தில் வருகிறது. முஸ்லிம் வீடுகளில் கர்ப்பிணிக்குப் பேரீச்சை தருவதில் அந்த நினைவு கலந்திருக்கிறது. இந்தக் காலத்தில் இதை ஆய்வாக முதலில் பேசவைத்தது ஜோர்டான். அங்கே செய்து 2011-ல் வெளியான ஆய்வில் 69 பெண்கள் பிரசவ நாளுக்கு முந்தைய 4 வாரம் தினம் 6 பேரீச்சை சாப்பிட்டார்கள், 45 பேர் சாப்பிடவில்லை. சாப்பிட்டவர்களில் 96 சதவீதம் பேருக்குத் தானாக வலி வந்தது, சாப்பிடாதவர்களில் 79 சதவீதம். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கருப்பை வாய் சராசரியாக மூன்றரை சென்டிமீட்டர் திறந்திருந்தது, மற்றவர்களுக்கு 2 சென்டிமீட்டர்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார் சாப்பிடுவது, யார் விடுவது என்பதை அந்த ஆய்வில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. விரும்பியவர்கள் சாப்பிட்டார்கள். அப்படிச் சாப்பிடுகிறவர்கள் வேறு விதத்திலும் உடம்பைக் கவனித்துக்கொள்கிறவர்களாக இருக்கலாம். 2017-ல் மலேசியாவில் முதல் பிரசவப் பெண்கள் 154 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துத் தினம் 7 பேரீச்சை கொடுத்துப் பார்த்தார்கள். தானாக வலி வருவதில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. வலியைக் கூட்ட மருந்து தேவைப்பட்டவர்கள் மட்டும் குறைந்தார்கள். இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சிசேரியன் எண்ணிக்கை குறையவில்லை. ஆகவே என் தீர்ப்பு இதுதான்: சர்க்கரை இல்லாத பெண் 36 வாரத்துக்கு மேல் தினம் 6 சின்னப் பேரீச்சை சாப்பிடலாம். அது சுமார் 42 கிராம், 30 கிராம் மாவுச்சத்து. அதற்கேற்ப மற்ற இனிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கருப்பை வாய் கனிவதில் கொஞ்சம் உதவலாம். அதை நம்பி சுகப்பிரசவம் நிச்சயம் என்று இருக்கக் கூடாது, டாக்டர் வலி வரவழைக்கச் சொல்லும் நாளைத் தள்ளிப்போடவும் கூடாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஆய்வுகள் பொருந்தாது, பயன் சிறியது, விலை பெரியது. கடைசி மாதம்தான் பிள்ளை வேகமாக எடை போடும் மாதம். அப்போது சர்க்கரையை ஏற்றி, பிள்ளையைப் பெருக்கவைத்துப் பிரசவத்தைச் சுலபமாக்க முடியாது. சிறுநீரகக் கோளாறு இருந்து பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்களுக்கும் பேரீச்சை, அத்தி இரண்டும் ஆகாது. முன்பே சிசேரியனுக்கு நாள் குறித்துவிட்டவர்களுக்கு இந்த ஆறு பழத்தால் ஒரு வேலையும் இல்லை.

"அப்போ அவளுக்கு ரெண்டே ரெண்டுதானா?" என்று கேட்டார் மாமியார்.

"ரெண்டுதாம்மா. மீதி நாலை நீங்க சாப்பிடுங்க, உங்களுக்குச் சர்க்கரை இல்லேன்னா" என்றேன். பெண் அன்று முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "அத்தைக்கும் இருக்கு மேடம், சொல்ல மாட்டாங்க" என்றார். மாமியாரை அப்போதே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

39-வது வாரத்தில் தானாக வலி கண்டு, 3 கிலோவில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குக் காரணம் பேரீச்சை என்று நான் சொல்ல மாட்டேன். நோட்டில் தேதி போட்டு எழுதிய எண்களும் தவறாமல் விழுங்கிய மாத்திரைகளும்தான் எனக்குத் தெரிந்த காரணங்கள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்பு மாத்திரை தொடர வேண்டும் என்று அனுப்பும்போது சொல்லியிருந்தோம். 6 வாரம் கழித்து மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தோம். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் பிள்ளை பிறந்த பிறகு இந்தச் சோதனைக்குப் பலர் வருவதில்லை. அவர் கைக்குழந்தையோடு வந்தார். 2 மணி நேர எண் 112 இருந்தது. உங்கள் வீட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்து பிரசவமான பெண் இருந்தால், பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போகும் அதே நாளில் அவரையும் இந்தச் சோதனைக்கு அழைத்துப் போங்கள்.